விதைப்புக் காலத்தில் வாடகை டிராக்டர்: மணிக் கணக்கும் பதிவு முறையும்

கரிசல் பூமியில் புரட்டாசி மழை விழுந்தவுடன் எல்லோருக்கும் ஒரே நாளில் டிராக்டர் வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி, விருதுநகர் ஜில்லாக்களின் மானாவாரிக் கிராமங்களில் இது ஆண்டுதோறும் காணும் காட்சி. நல்ல மழை பெய்த இரண்டொரு நாட்கள் வரை கரிசல் மண் கலப்பைக் கொத்தில் அப்பிக்கொள்ளும். வண்டி நிலத்தில் இறங்காது. பிறகு ஏறக்குறைய நான்கைந்து நாட்கள் மண் நல்ல பதத்தில் நிற்கும். அதற்குமேல் வெயில் அடித்தால் மேல்மண் காய்ந்து வெடிக்கத் தொடங்கும். விதை போட்டாலும் முளைப்பு ஒன்றுபோல் வராது. ஆகவே வருஷம் முழுவதும் கிடைக்கும் டிராக்டர், வேண்டிய அந்த ஐந்து நாட்களில் மட்டும் கிடைப்பதில்லை.

அச்சமயத்தில் கிராமச் சாவடிச் சுவரிலும், தேநீர்க் கடை வாசலிலும், இக்காலத்தில் கைப்பேசிக் குழுக்களிலும் வாடகை அறிவிப்புகள் வருகின்றன. "டிராக்டர் வாடகைக்கு. ஒன்பது கொத்துக் கலப்பை, ரோட்டவேட்டர் உண்டு. மணிக்கு 900 ரூபாய்" என்று ஒருவர் எழுதுகிறார். "ஏக்கருக்கு ஒரு சால் 650 ரூபாய்" என்று மற்றொருவர் எழுதுகிறார். (இவ்விரு தொகைகளும் கணக்கு விளங்குதற்பொருட்டு இங்கு வைத்துக்கொண்டவை, அந்தந்த ஊர் விகிதத்தை அங்கத்தினர்கள் தாமே விசாரித்து இவ்விடத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும்.) இவற்றுள் எது மலிவு என்று அறிவிப்பைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல இயலாது. தம் நிலம் ஒரு ஏக்கருக்கு எத்தனை நிமிஷம் எடுத்துக்கொள்ளும் என்பதை அறிந்தவருக்கே அது விளங்கும். பெரும்பாலான அங்கத்தினர்கள் நிலத்தின் பரப்பை அறிவார்கள். அதற்கு ஆகும் நிமிஷத்தை அறியமாட்டார்கள்.

ஒரு ஏக்கருக்கு எத்தனை நிமிஷம்

ஒன்பது கொத்துக் கலப்பை ஒரு தடவை போனால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம் உழும். பதமான நிலத்தில் டிராக்டர் மணிக்கு நாலரை கிலோ மீட்டர் வேகத்தில், அதாவது நிமிஷத்திற்கு 75 மீட்டர் தூரம் செல்லும் என்று கொள்ளலாம். இது மனிதன் சாதாரணமாக நடக்கும் வேகமே. நிலத்துக்காரர் வண்டியின் பக்கத்தில் நடந்து பார்த்தால், ஓடாமலும் நின்று நின்று போகாமலும் கூடவே வர முடிய வேண்டும். வண்டி வெகுவாகப் பின்தங்கினால் மணிக் கணக்கில் பணம் வீணாகிறது என்றும், எட்ட முடியாமல் முந்தினால் உழவு ஆழமாக விழவில்லை என்றும் சந்தேகிக்கலாம்.

இனி 100 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ள நிலத்தை எடுத்துக்கொள்க. இது ஏறக்குறைய ஒரு ஏக்கர். நீளவாக்கில் உழுதால் 20 நடை. ஒரு நடைக்கு 80 விநாடி வீதம் உழவுக்கு மட்டும் 27 நிமிஷம் ஆகிறது. ஒவ்வொரு கோடியிலும் கலப்பையைத் தூக்கி, திரும்பி, மறுபடி இறக்குவதற்குப் பதினைந்து விநாடி என்றால் 19 திருப்பங்களுக்கு ஐந்து நிமிஷம். வண்டி திரும்பிய இரு ஓரங்களையும் கடைசியில் குறுக்காக உழுவதற்கு மூன்று நிமிஷம். ஆக 35 நிமிஷம்.

அதே ஒரு ஏக்கர் வரப்புகளால் நான்கு சதுரத் துண்டுகளாகப் பிரிந்திருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு துண்டும் பக்கத்திற்கு 32 மீட்டர். உழும் தூரம் மாறவில்லை. ஆதலால் உழவுக்கு அதே 27 நிமிஷம். ஆனால் ஒவ்வொரு துண்டிலும் 16 நடையும் 15 திருப்பமும் இருப்பதால் மொத்தம் 60 திருப்பங்கள். அவற்றுக்குப் பதினைந்து நிமிஷம். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு வரப்பைத் தாண்டிச் செல்ல ஒவ்வொரு தடவையும் மூன்று நிமிஷம் வீதம் ஒன்பது நிமிஷம். ஓரங்களுக்கு ஐந்து நிமிஷம். ஆக 56 நிமிஷம். பரப்பு ஒன்றே, கலப்பையும் ஒன்றே, ஆயினும் இருபத்தொரு நிமிஷம் அதிகம். இந்நேரத்தில் பெரும்பகுதி கலப்பை மண்ணில் படாமலே கழிகிறது.

இதைக் கண்டு வரப்புகளை வெட்டிவிடலாம் என்று எண்ணுவது தவறு. மானாவாரி நிலத்தில் வரப்பு மழைநீரைத் தடுத்து மண்ணில் இறங்கச் செய்வதற்காக உள்ளது. டிராக்டருக்கு மிச்சமாகும் சில நிமிஷங்களுக்காக அதை அழித்தால் பயிருக்கு வேண்டிய ஈரம் ஓடிப்போகும். வரப்பின் ஓரிடத்தில் வண்டி ஏறி இறங்கத்தக்க சரிவு ஒன்றை முன்கூட்டியே மண் போட்டுச் செப்பனிட்டு வைத்தால் தாண்டும் நேரம் பாதியாகக் குறையும், அம்மட்டில் போதும். அவ்வாறே நிலம் நீளவாக்கில் சரிந்திருந்தால், திருப்பம் குறைகிறது என்பதற்காக நீளவாக்கில் விதைக்கலாகாது. விதைக்கும் சால் சரிவுக்குக் குறுக்கேதான் ஓட வேண்டும். சரிவோடு ஓடிய சால் ஒவ்வொன்றும் அடுத்த மழையில் ஓடையாகிவிடும்.

சட்டிக் கலப்பைக்கும் ரோட்டவேட்டருக்கும் இக்கணக்கு பொருந்தாது. அவை ஒன்பது கொத்துக் கலப்பையைவிட அகலம் குறைந்தவை. ரோட்டவேட்டர் மெதுவாகவும் செல்லும். அதனால் ஒரு ஏக்கருக்கு ஒரு மணிக்கு மேலும் பிடிக்கும். எந்தக் கருவிக்கு எந்த விகிதம் என்று எழுதாத அறிவிப்பை நம்பி ஒப்புக்கொள்வது உசிதமன்று.

ஓர் அங்கத்தினரின் கணக்கு

ஓர் அங்கத்தினருக்கு மூன்று ஏக்கர் புஞ்சை உண்டு என்று வைத்துக்கொள்க. அதில் இரண்டு ஏக்கர் மேற்சொன்ன நீள வாக்கான நிலம். ஒரு ஏக்கர் நான்கு துண்டு. மழைக்குப் பின் ஒரு சால் உழவும், அடுத்து அதே அகலமுள்ள விதைக்கும் கருவியால் ஒரு சால் விதைப்பும் அவருக்கு வேண்டும். விதைப்புச் சாலில் பெட்டியில் விதை நிரப்பச் சற்று நேரம் கூடும். கணக்கு எளிதாக இருத்தற்பொருட்டு இரண்டு சாலுக்கும் ஒரே நேரம் என்று கொள்ளப்படுகிறது.

நீள நிலத்துக்கு ஒரு சாலுக்கு 70 நிமிஷம். துண்டு நிலத்துக்கு 56 நிமிஷம். இரண்டும் சேர்ந்து 126 நிமிஷம். இரண்டு சாலுக்கு 252 நிமிஷம், அதாவது 4 மணி 12 நிமிஷம்.

மணிக்கு 900 ரூபாய் என்றால் நிமிஷத்துக்கு 15 ரூபாய். 252 நிமிஷத்துக்கு 3,780 ரூபாய். ஏக்கர் விகிதத்தில், மூன்று ஏக்கருக்கு இரண்டு சால் என ஆறு தடவைக்கு 650 வீதம் 3,900 ரூபாய். இவ்வளவோடு நின்றால் மணிக் கணக்கே மலிவு. ஆனால் வண்டி தன் இடத்திலிருந்து புறப்பட்டதுமுதல் மணி ஓடுகிறதா, நிலத்தில் கலப்பை இறங்கியதுமுதல் ஓடுகிறதா என்று அறிவிப்பில் சொல்லப்படவில்லை. போக இருபது, வர இருபது என்று நாற்பது நிமிஷமும் கணக்கில் ஏறினால் 600 ரூபாய் கூடி 4,380 ஆகிறது. மலிவாக இருந்தது இப்பொழுது 480 ரூபாய் அதிகமாகிவிட்டது. பக்கத்துப் புஞ்சைக்காரர் இருவர் அதே நாளில் சேர்ந்து வண்டியை அழைத்து வழிச்செலவை மூன்றாகப் பிரித்துக்கொண்டால், தலைக்கு 200 ரூபாய் விழுந்து மொத்தம் 3,980 ஆகும். அப்பொழுது இரு விகிதங்களுக்கும் வித்தியாசம் அநேகமாக இல்லை.

நீள நிலத்தையும் துண்டு நிலத்தையும் தனித்தனியே பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. வழிச்செலவை விட்டுப் பார்க்கையில், நீள நிலம் மணிக் கணக்கில் 2,100 ரூபாய். ஏக்கர் கணக்கில் 2,600. துண்டு நிலம் மணிக் கணக்கில் 1,680. ஏக்கர் கணக்கில் 1,300. ஆகவே நீண்ட நிலமுடையவருக்கு மணிக் கணக்கும், துண்டு நிலமுடையவருக்கு ஏக்கர் கணக்கும் நயம். வண்டிக்காரரும் இதை நன்றாக அறிவார். துண்டு நிலத்தை ஏக்கர் கணக்குக்கு எடுக்க அவர் தயங்குவது அதனால்தான். ஒப்புக்கொண்டு எடுத்தாலும் வேகமாகவும் மேலாகவும் உழுது முடித்துவிடும் ஆசை அவருக்கு உண்டாகும். மணிக் கணக்கில் அதற்கு நேர் எதிரான ஆசை உண்டாகும். இரண்டிலும் கவனிக்க வேண்டியது எது என்று பின்னர் சொல்லப்படும்.

சர்க்காரின் வேளாண்மைப் பொறியியல் இலாகா தன் டிராக்டர்களைக் குறைந்த விகிதத்தில் வாடகைக்குக் கொடுக்கிறது. சமீப ஆண்டுகளின் அறிவிப்புகளில் டிராக்டருக்கு மணிக்கு 500 ரூபாய் என்று கண்டிருக்கிறது. விகிதம் அவ்வப்போது திருத்தப்படுவதால் பதியும் நாளில் உள்ளதைக் கேட்டே கணக்கிட வேண்டும். அவ்விகிதப்படி மேற்சொன்ன 4 மணி 12 நிமிஷத்துக்கு 2,100 ரூபாயே ஆகும். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்பொழுது தனியார் வண்டியை ஏன் அழைக்க வேண்டும் என்று கேட்கலாம். இலாகாவிடமுள்ள வண்டிகள் சில, கேட்பவர் பலர். பதத்தில் நான்காம் நாள் தனியார் வண்டி கைக்குக் கிடைத்து, இலாகா வண்டி பத்தாம் நாள் வருமானால், மிச்சமாகும் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தைவிட ஈரம் தப்பிய மூன்று ஏக்கர் விதைப்பின் நஷ்டம் பெரிது. ஆகையால் இலாகா வண்டிக்கு விதைப்பு நெருக்கடி வருமுன்பே பதிந்து வைப்பதும், கோடை உழவை முழுவதும் அதைக் கொண்டே முடித்துவிடுவதும் உத்தமம்.

மணி காட்டும் கருவி

டிராக்டரின் முன்பலகையில் இன்ஜின் ஓடிய மணியைக் காட்டும் கருவி இருக்கிறது. கைக்கடிகார மணியும் இக்கருவியின் மணியும் எப்பொழுதும் ஒன்றல்ல. பழைய வண்டிகள் பலவற்றில் இக்கருவி இன்ஜினின் சுழற்சியைக் கொண்டு ஓடுகிறது. இன்ஜின் குறித்த வேகத்தில் சுழன்றால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும்; மெதுவாகச் சுழன்றால் குறைவாகக் காட்டும். வண்டி நின்றபடி உறுமிக்கொண்டிருக்கும் நேரம் அதில் சிறிதளவே ஏறும். மின்சாரக் கருவியுள்ள புது வண்டிகளில் இன்ஜின் ஓடும் நேரம் முழுவதும் கடிகாரம் போலவே ஏறிவிடும். ஆகையால் 'எந்த மணி' என்பதை வேலை தொடங்குமுன் பேசி முடிவு செய்தல் அவசியம். வேலை முடிந்தபின் ஒருவர் கடிகாரத்தையும் மற்றவர் முன்பலகையையும் காட்டிக்கொண்டு வரப்பின்மேல் நிற்பதைக் காணாத கிராமம் இல்லை.

இன்னொரு தவறு இதைவிடச் சாதாரணமானது. அக்கருவியின் கடைசி இலக்கம் நிமிஷத்தைக் குறிப்பதன்று. மணியில் பத்தில் ஒரு பங்கைக் குறிப்பது. அதாவது ஓர் இலக்கத்துக்கு ஆறு நிமிஷம். தொடக்கத்தில் 2314.6 என்றும் முடிவில் 2318.4 என்றும் காட்டினால் ஓடியது 3.8 மணி. இது 3 மணி 48 நிமிஷம். இதனை 'மூன்று மணி எண்பது நிமிஷம்' என்று படித்து, 4 மணி 20 நிமிஷமாக்கிப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் உண்டு. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆயினும் 32 நிமிஷத்துக்கு 480 ரூபாய் கைமாறிப்போகிறது. தொடக்க இலக்கத்தையும் முடிவு இலக்கத்தையும் இருவரும் பார்க்க ஒரு சீட்டில் எழுதிவைத்து, வித்தியாசத்தின் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கத்தை ஆறால் பெருக்கினால் நிமிஷம் கிடைத்துவிடும்.

பதிவு செய்யும் முறை

சங்கத்தின் வேளாண் சேவை மையத்தில் டிராக்டர் இருந்தால் அங்கத்தினர் முதலில் காரியதரிசியிடம் பதிவுப் புத்தகத்தில் தம் பெயரை எழுதுவிக்க வேண்டும். வெறும் பெயரும் ஏக்கரும் போதா. சர்வே நம்பர், நிலம் எத்தனை துண்டு, வேண்டிய கருவி எது, எத்தனை சால், கோடை உழவு ஆகியிருக்கிறதா, வண்டி எந்த வழியாக நிலத்துக்கு வர வேண்டும், வரும் நாளில் உடனிருப்பவர் யார், அவருடைய கைப்பேசி எண் யாது என்பவற்றையும் எழுதுவிக்க வேண்டும். வழி என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். பிறர் விதைத்துவிட்ட புஞ்சையின் வழியாகத்தான் போக வேண்டுமென்றால் அந்த வண்டி அன்று திரும்பிவிடும். போய் வந்த நேரமோ யாருடைய கணக்கிலாவது விழுந்தே தீரும்.

இலாகா டிராக்டருக்குப் பதிவு, கைப்பேசியில் உள்ள உழவன் செயலி வழியாக நடைபெறுகிறது. இச்செயலியைத் தமிழ்நாடு சர்க்கார் 2018-இல் வெளியிட்டது. அங்கத்தினர் தம் கைப்பேசி எண்ணைக் கொண்டு அதில் தம்மைப் பதிந்துகொண்டபின், இ-வாடகை என்ற பகுதியில் வேண்டிய யந்திரத்தையும், நிலம் உள்ள இடத்தையும், வேண்டிய மணி நேரத்தையும் குறிக்க வேண்டும். வாடகை முன்பணமாகச் செலுத்தப்படுகிறது. மேலே காட்டிய நிமிஷக் கணக்கு இங்கேதான் உடனே உதவுகிறது. மூன்று ஏக்கருக்கு மூன்று மணி போதும் என்று உத்தேசமாகப் போட்டுவிட்டால், வண்டி வந்த நாளில் துண்டு நிலம் உழாமல் நின்றுவிடும். அந்த ஒரு மணிக்காக மறுபடி வரிசையில் நிற்க நேரும். செயலியைக் கையாள அறியாதவர்கள் வேளாண்மைப் பொறியியல் இலாகாவின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு நேரில் சென்று விசாரிக்கலாம். அல்லது படித்த இளைஞர் ஒருவரைக் கொண்டு சங்கத்திலேயே பதிந்துகொள்ளலாம். பிறர் கைப்பேசியில் பதிந்தால் வண்டி புறப்படும் செய்தியும் அந்தக் கைப்பேசிக்கே போகும் என்பதை மறக்கலாகாது.

தனியார் வண்டிக்கு வாய்ப்பேச்சே பதிவு. அதனால் அங்கே கேள்விகள் அதிகம் வேண்டும்: டீசலும் ஓட்டுநர் கூலியும் விகிதத்தில் அடங்குமா, மணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, குறைந்தது இத்தனை மணி என்ற கட்டு உண்டா, வழியில் பழுதானால் நின்ற நேரம் யாருடையது. இவற்றுக்கு விடை தருமாறு சங்கமே அறிவிப்பு எழுதி ஒட்டினால் ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்கும் சிரமம் இல்லை. அத்தகைய அறிவிப்பு ஒன்று பின்வருமாறு அமையலாம்:

"சங்க டிராக்டர், ஒன்பது கொத்துக் கலப்பையும் விதைக்கும் கருவியும் உடன். டீசல், ஓட்டுநர் கூலி உட்பட மணிக்கு இவ்வளவு ரூபாய். முன்பலகைக் கருவியின் மணியே கணக்கு. முதல் நிலத்தில் கலப்பை இறங்குவது முதல் கடைசி நிலத்தில் தூக்குவது வரை கணக்கில் சேரும். நிலத்துக்கு நிலம் செல்லும் நேரம் அடுத்த நிலத்துக்காரருடையது. சங்கத்திலிருந்து போகவர ஆகும் நேரம் அன்றைய நிலத்துக்காரர் அனைவருக்கும் சமமாகப் பிரிக்கப்படும். பழுது நேரம் கணக்கில் சேராது. பதிவு இந்தத் தேதி வரை."

ஐந்து நாளின் மணிகள்

இனிச் சங்கத்தார் யோசிக்க வேண்டிய கணக்கு ஒன்று. ஒரு சங்கத்துக்கு இரண்டு டிராக்டர் உண்டென்றும், ஒவ்வொன்றும் நாளொன்றுக்குப் பத்து மணி வேலை செய்யுமென்றும் வைத்துக்கொள்க. முன்சொன்ன அங்கத்தினரின் நிலத்தில் ஒரு சாலுக்கு ஏக்கர் ஒன்றுக்குச் சராசரி 42 நிமிஷம். இரண்டு சாலுக்கு 84 நிமிஷம். அவ்வாறாயின் ஒரு வண்டி நாளொன்றுக்கு ஏழு ஏக்கர் முடிக்கும். இரண்டு வண்டியும் ஐந்து நாளில் 70 ஏக்கர் முடிக்கும். புத்தகத்தில் 140 ஏக்கர் பதிவாகியிருந்தால் சரிபாதிப் பேர் பதம் தப்பியபின்தான் விதைப்பார்கள். காரியதரிசி எவ்வளவு நேர்மையானவராயினும் இதை மாற்ற முடியாது. மணிகளே இல்லை.

ஆனால் மழைக்குப்பின் ஒரு சால் விதைப்பு மட்டும் போதுமென்ற நிலையில் நிலத்தை வைத்திருந்தால் அதே வண்டிகள் அதே ஐந்து நாளில் 140 ஏக்கரையும் முடித்துவிடும். அந்நிலைக்குக் கோடை மழையிலேயே உழவை முடித்திருக்க வேண்டும். அப்பொழுது வண்டிகள் சும்மா இருக்கும். பேரம் பேசவும் இடமுண்டு. எனினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. புரட்டாசிக்கு முன் சிறு தூறலில் களை நிறைய முளைத்துவிட்ட நிலத்தில் விதைக்கும் கருவியின் கொத்துகள் களையை முழுவதும் அறுக்கமாட்டா. அப்படிப்பட்ட நிலத்துக்கு இரண்டு சால் தேவையே. பதிவுப் புத்தகத்தில் கோடை உழவைப் பற்றிய கேள்வி இருப்பது இதன்பொருட்டே. ஒரு சால் நிலங்களை முதலிலும், இரண்டு சால் நிலங்களைப் பின்னும் முடித்தால் பதத்துக்குள் விதைப்பவர் தொகை கூடும். அவ்வாறே அனைவரும் கோடை உழவில் நாட்டங்கொள்ளவும் அது தூண்டும்.

வரிசை எப்படி வைப்பது என்பதில் சங்கங்களில் சச்சரவு நேர்வதுண்டு. முன்பதிந்தவருக்கு முதல் என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் முதல் பதிவு ஊருக்குக் கிழக்கேயும், இரண்டாவது மேற்கேயும், மூன்றாவது மறுபடி கிழக்கேயும் இருந்தால் வண்டி பாதையிலேயே பொழுதைக் கழிக்கும். நாளொன்றுக்கு அவ்வாறு 84 நிமிஷம் வீணானால் அது ஒரு வண்டிக்கு ஓர் ஏக்கரின் இரண்டு சால். ஆதலால் ஒரு தேதி வரை பதிவு ஏற்று, அதன்பின் ஓடைக்கு இப்பால், அப்பால், கோயில் மேடு என்றாற்போலப் புஞ்சைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியை முடித்தே அடுத்ததற்குச் செல்வது நன்று. எந்தப் பகுதி முதல் என்பதை மழைக்கு முன்பே அங்கத்தினர் கூட்டத்தில் சீட்டுப் போட்டுத் தீர்மானித்து, அடுத்த ஆண்டு வரிசையைத் தலைகீழாக்கலாம். மழை விழுந்தபின் கூடும் கூட்டத்தில் இதனைத் தீர்மானிக்க யாராலும் முடியாது.

நிலத்தில் கவனிக்க வேண்டியவை

வண்டி வரும் நாளன்று காலையில் நிலத்துக்காரர் நாலங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருண்டையாகப் பிடித்து இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். உருண்டை உதிர்ந்து சிதறினால் பதம் உண்டு. சிதையாமல் சப்பென்று அப்பி நின்றால் ஈரம் மிகுதி. உருண்டையே பிடிக்க வராவிடில் ஈரம் போய்விட்டது. ஈரம் மிகுதியாயிருக்கையில் வண்டியை இறக்கினால் இரண்டு வகையில் நஷ்டம். சக்கரம் வழுக்கிச் சுழல்வதால் மணி ஓடுகிறது, நிலம் நகர்வதில்லை. அத்துடன் சக்கரம் அழுத்திய தடம் காய்ந்தபின் பாறைபோல் இறுகி வேரைத் தடுக்கும். பெரிய சக்கரத்தின் தடத்தைக் குனிந்து பார்த்தாலே இது புலப்படும். சக்கரப் பட்டைகளின் அச்சு தெளிவாக மண்ணில் பதிந்திருந்தால் வழுக்கலில்லை. இழுத்துத் தேய்த்தாற்போல மழுங்கியிருந்தால் வழுக்குகிறது. அப்படியானால் அன்று வேலையை நிறுத்தி, பதமான வேறு பகுதிக்கு வண்டியை அனுப்பிவிடுவதே இருவருக்கும் மேல்.

ஆழத்தை அளக்க ஒரு குச்சியே போதும். உழுத மண்ணில் குச்சியை அழுத்தி, கெட்டி மண் தட்டும் இடத்தில் விரல் வைத்து எடுத்து அளந்தால் நான்கு ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். நிலத்தின் நடுவிலும் ஓரத்திலும் நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். வண்டிக்காரர் நிலத்துக்காரர் நிற்கும் ஓரத்தில் ஆழமாகவும் தூரத்தில் மேலாகவும் போவதுண்டு. இரண்டு நடைகளுக்கிடையே உழாத வரி நிற்கிறதா என்பதையும் மண்ணைக் காலால் விலக்கிப் பார்க்க வேண்டும். குறை கண்டால் வண்டி நிலத்தில் இருக்கும்பொழுதே சொல்ல வேண்டும். சாலைக்குப் போன வண்டியை யாரும் திருப்பியதில்லை.

விதைப்புச் சாலில் அளக்க வேண்டியது இன்னொன்று. முதல் இரண்டு நடை முடிந்ததும் வண்டியை நிறுத்தி, ஒரு சாலின் சில முழத்தைக் கையால் கிளறி, விதை எந்த ஆழத்தில் விழுந்திருக்கிறது, எல்லாக் குழாய்களிலிருந்தும் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஈர மண் குழாயின் வாயை அடைத்துக்கொண்டால் அந்த ஒரு சாலில் விதையே இராது. பத்து நாள் கழித்துப் பயிர் முளைக்கும்போதுதான் வெற்றுச் சால்கள் வரிசையாகத் தெரியும். அதற்குள் பதம் போயிருக்கும். இதற்காக நிறுத்தும் மூன்று நிமிஷம் 45 ரூபாய்.

வேலை நடுவில் மழை வந்துவிட்டால் அப்பொழுதே முன்பலகையின் இலக்கத்தைக் குறித்து இருவரும் கையொப்பமிட்டு, உழுத பகுதியின் எல்லையில் ஒரு குச்சி நட்டுவைக்க வேண்டும். மீதியுள்ள சாலுக்கு அந்த அங்கத்தினர் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டுவதில்லை என்றும், அவருடைய பகுதிக்கு வண்டி திரும்பும் முதல் நாளில் குச்சி நட்ட இடத்திலிருந்தே வேலை தொடங்கும் என்றும் பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே காரியதரிசி எழுதிவைக்க வேண்டும்.